ஒன்று விட்டு ஒன்று சாம்பிள் எடுத்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

களப்பதிவு: இரவில் எடுத்த ஒரு பேட்டி, வினாடிக்கு 16000 சாம்பிளிலிருந்து 8000-க்கு மாற்றப்பட்டு என்னிடம் வந்தது. பேச்சின் நடுவே 2000 ஹெர்ட்ஸில் ஒரு விசில். மூலப் பதிவில் 2000-ல் எதுவும் இல்லை, 6000-ல் சில்வண்டு இருந்தது. மாற்றியவர் `x[::2]` மட்டும் போட்டிருக்கிறார். சாம்பிள் வேகம் பாதியானால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது மடிந்து கீழே வரும் என்பது தெரியும். 6000, 8000-லிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அங்கே, அதாவது 2000-ல் வந்து விழுந்திருக்கிறது. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

இறுதியாண்டு: அந்த 8000 ஃபைலிலேயே ஃபில்டர் போட்டு 2000-ஐ எடுத்துவிடலாமே?

மோட்டார் அதிர்வு: எடுத்தால் பேச்சில் 2000-ல் இருப்பதும் சேர்ந்தே போகும். தாளில் போட்டுப் பாருங்கள். 16000 வேகத்தில் இரண்டு கொசைன்:

```
6000: 1 -0.7 0  0.7 -1  0.7 0 -0.7
2000: 1  0.7 0 -0.7 -1 -0.7 0  0.7
```

முதல், மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது எண்களை மட்டும் எடுங்கள். இரண்டிலும் 1, 0, -1, 0. இரண்டையும் வேறுபடுத்திய எண்கள் எல்லாம் நாம் விட்டுவிட்டவற்றில்தான் இருந்தன. அதன்பிறகு எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் லோ-பாஸ் முதலில்.

வீட்டு ஸ்டூடியோ: நான் பக்கத்துப் பக்கத்து சாம்பிள் இரண்டையும் சராசரி எடுத்துவிடுவேன். அதுவும் லோ-பாஸ்தானே, போதும்.

மோட்டார் அதிர்வு: லோ-பாஸ்தான், ஆனால் ரொம்ப மென்மையானது. 6000-ல் வீச்சு 38 சதவீதம் அப்படியே தங்கும். 4500-ல் 63 சதவீதம், அது 3500-ல் வந்து உட்காரும். சில்வண்டு சற்று அடங்கும், அவ்வளவுதான். `scipy.signal.decimate(x, 2)` என்றால் ஃபில்டர் போட்டுத்தான் குறைக்கும். எங்கள் பம்ப் அதிர்வுப் பதிவில், இல்லாத பேரிங் கோளாறைத் தேடி ஒரு வாரம் ஓடியது. அன்றிலிருந்து புது ஸ்கிரிப்ட் எதுவானாலும் 0-லிருந்து 8000 வரை ஏறும் ஒலியை முதலில் உள்ளே விடுகிறேன். ஃபில்டர் இல்லையென்றால் ஒலி 4000 வரை ஏறி, அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். காதிலேயே தெரியும்.

பட்டுக்கடை போட்டோ: நெருக்கமான கோடு போட்ட புடவைப் படத்தைச் சிறிதாக்கினால் அகலமான அலைக்கோடுகள் வருகின்றன. கேமராவை மாற்ற வேண்டுமா?

களப்பதிவு: பெரிய படத்தில் அலை இல்லையென்றால் கேமரா காரணமில்லை. இதே மடிப்புதான். லேசாக மங்கலாக்கிவிட்டுச் சிறிதாக்குங்கள்.

மூலத்தில் ஃபில்டர் போட்டு மறுபடி மாற்றினேன், விசில் போய்விட்டது. வெட்டை 3400-ல் வைத்ததால் 'ஸ' சற்று மழுங்குகிறது. 3800-க்கு ஏற்றினால் 4000-ஐ ஒட்டி மேலே இருப்பது கொஞ்சம் மடிந்து வருகிறது.

மோட்டார் அதிர்வு: ஃபில்டர் நீளத்தைக் கூட்டினால் சரிவு செங்குத்தாகும்.

வீட்டு ஸ்டூடியோ: கூட்டினால் வெடிப்பொலிகளுக்கு முன்னால் லேசான அதிர்வு எனக்குக் கேட்கிறது. பேச்சுக்கு நான் 3400-லேயே விடுவேன்.