பெருந்துறை வீட்டு பேக்கரி: ப்ரொப்ரைட்டராவே இருக்கலாமா, பிரைவேட் லிமிடெட் போடலாமா? மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

பெருந்துறை_டீகேக்
வீட்டு மாடியிலதானுங்க பேக்கரி ஓடுது. டீ கேக், பிரௌனி, தேங்காய் பன் போடறோம். போன வருசம் விற்பனை 37 லட்சம், செலவெல்லாம் போக கையில நின்னது 8 லட்சம். ஜிஎஸ்டி, ஃபுட் லைசென்ஸ், டெக் ஓவன் லோன் எல்லாமே என் பேர்லதான். இப்ப கோயமுத்தூர் சூப்பர் மார்க்கெட் ஒண்ணுல டீ கேக் கேக்கறாங்க, 30 நாள் கடன். எங்க மச்சாண்டார் உடனே கம்பெனி போட்டுருன்னு நிக்கறாருங்க. மாத்தினவங்க என்னென்ன பார்க்கணும்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

திருப்பூர்_நூல்
தாராளமா போடுங்க. தனி ஆளுக்கு வரி 30 சதவீதம், கம்பெனிக்கு 25தான். நாளைக்கே யாராவது கேக் சாப்பிட்டு உடம்புக்கு முடியலைன்னு கேஸ் போட்டாலும் கம்பெனிதான் பொறுப்பு, உங்க வீட்டு மேல கை வைக்க முடியாது. பெரிய கடைக்காரங்களும் பிரைவேட் லிமிடெட்னா மதிப்பாங்க.

கோபி_கணக்கு
வரி விசயத்துல அந்தக் கணக்கு இவங்களுக்குப் பொருந்தாதுங்க. 30 சதவீதம் வர்றது வருமானம் 24 லட்சத்தைத் தாண்டின பகுதிக்கு மட்டும்தான். 2025-26ல இருந்து புதிய முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரியே இல்லை. ஆக, இவங்க 8 லட்சத்துக்கு ப்ரொப்ரைட்டரா கட்ட வேண்டியது சைபர்.

இதே லாபம் கம்பெனியில வந்தா எப்படின்னு பார்ப்போம். இவங்க டைரக்டர் சம்பளமா 6 லட்சம் எடுத்துக்கறாங்க. மீதி 2 லட்சம். ஆடிட், கம்பெனி பதிவாளர்கிட்ட போடற ஆர்ஓசி ஃபைலிங்குக்கு 50 ஆயிரம்னு வெச்சா நிக்கறது ஒன்றரை லட்சம். குறைஞ்ச விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம், அதாவது 37,752 ரூபாய் வரி. மிச்சத்தை டிவிடெண்டா எடுத்தா அதுவும் இவங்க வருமானத்துல சேரும். ஆடிட் ஃபீஸையும் சேர்த்தா வருசத்துக்கு ஏறக்குறைய 88 ஆயிரம் கூடுதல் செலவு. முழு லாபத்தையும் சம்பளமா எடுத்தா வரி குறையும், ஆனா அப்ப யூனிட்டைப் பெரிசு பண்ண கம்பெனியில காசு இருக்காது.

பொறுப்பு விசயம் பாதிதான் சரி. மைதா சப்ளையருக்கோ கடை வாடகைக்கோ பாக்கி நின்னா கம்பெனி சொத்தோட நிக்கும், அது நிஜமான பாதுகாப்பு. ஆனா பேங்க் லோனுக்கு டைரக்டர்கிட்ட தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்காம சின்ன கம்பெனிக்குக் கொடுக்கறது அபூர்வம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் கம்பெனியில பொறுப்பான ஆள் மேலயே நடவடிக்கை வரும். இவங்க யூனிட்ல அந்த ஆள் இவங்கதானே!

சேலம்_மாடிவீடு
மாடியில ஓவன் வெச்சிருக்கீங்கன்னு சொன்னதால கேக்கறேன், வீட்டு மீட்டர்லயே ஓட்டலாமா? எனக்கும் அதே பிரச்சனை. ஈபி ஆளு வந்து பார்த்துட்டுப் போனாரு.

கோபி_கணக்கு
வீட்டு டாரிஃப்ல தொழில் ஓட்டக்கூடாதுங்க, தனி சர்வீஸ் வாங்கணும். ப்ரொப்ரைட்டரா இருந்தாலும் கம்பெனியா இருந்தாலும் அது ஒண்ணுதான். தனி இழை போடுங்க, பேசலாம்.

பொள்ளாச்சி_அடுமனை
நாங்க ப்ரொப்ரைட்டர்ல இருந்து பிரைவேட் லிமிடெட்டுக்கு மாறினவங்க. கம்பெனி பதிவு பண்றது சுலபம், SPICe+ங்கற ஆன்லைன் படிவத்துல ஒரே மூச்சுல பான், டான் எல்லாம் வந்துரும். ரெண்டு டைரக்டர், ரெண்டு பங்குதாரர் வேணும், வீட்டு முகவரியே போதும். சிக்கல் அதுக்கப்புறம்தான். ஏன்னா புது பான் வந்தா சட்டப்படி அது வேற ஆள். உங்க பேர்ல இருக்கற எதுவும் தானா அங்க போகாது.

முதல் அடி கவர்ல விழும். ஃபுட் லைசென்ஸ் கம்பெனி பேர்ல புதுசா எடுக்கணும், 14 இலக்க நம்பர் மாறிடும். பழைய நம்பர் அச்சடிச்ச பவுச் ரோல் கம்பெனி சரக்குக்கு ஆகாது, தயாரிப்பாளர் பேரும் தப்பாயிரும். அதனால மாத்தறதுன்னு முடிவானதும் பவுச் ஆர்டரை நிறுத்திட்டு, தேவைக்கு மட்டும் பிளெயின் கவர்ல ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுங்க.

ரெண்டாவது ஜிஎஸ்டி. புது GSTIN வந்ததும் அவசரப்பட்டு பழையதை ரத்து பண்ணிராதீங்க. கிரெடிட் லெட்ஜர்ல மிக்சர், ஓவன் வாங்கின வரி நின்னா அதைப் பழைய நம்பர் உயிரோட இருக்கறப்பவே ITC-02ங்கற படிவம் போட்டுத்தான் கம்பெனி நம்பருக்கு மாத்தணும். அதுக்கு ஆடிட்டர் சான்றிதழ் வேணும், கம்பெனி லாகின்ல போய் ஏத்துக்கவும் வேணும். இந்த வரிசை தப்பினா அந்தக் கிரெடிட் அங்கயே மாட்டிக்கும்.

ஓவன் லோன் இருக்குன்னீங்க. அந்த ஓவன் பேங்க் அடமானத்துல இருக்கு, அவங்க எழுத்துல சம்மதம் தராம கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. இந்தக் கடிதத்துக்குத்தான் எங்களுக்கு ரொம்ப இழுத்துச்சு. முதல்ல அதைக் கேளுங்க.

கோபி_கணக்கு
இதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஓவன், சரக்கு, கடன் எல்லாத்தையும் மொத்தமா கம்பெனிக்கு மாத்தி, அதுக்குப் பதிலா பங்கு மட்டும் வாங்கிட்டு, பாதிக்குக் குறையாத ஓட்டுரிமையை 5 வருசம் கையில வெச்சிருந்தா மூலதன ஆதாய வரி வராது. ஓவனை மட்டும் பிரிச்சு வித்தாலோ, நடுவுல பங்கைக் கொடுத்துட்டாலோ அந்தச் சலுகை போயிரும்.

நாமக்கல்_முட்டை
ரெண்டாவது டைரக்டருக்கு ஆள் தேடறதுக்குப் பதிலா ஓபிசி, அதாவது ஒன் பர்சன் கம்பெனி போடலாம்ல? ஒரே ஆள் போதும், ஆடிட்டும் வேண்டாம்னு சொல்றாங்க.

பொள்ளாச்சி_அடுமனை
ஒரே ஆள் போதும், சரி. ஒரு நாமினி காட்டணும். ஆனா ஆடிட் ஓபிசிக்கும் கட்டாயம்ங்க. விற்பனை ஒரு ரூபாயா இருந்தாலும் உண்டு.

இன்னொண்ணு, கம்பெனி போட்டு சும்மா வெச்சிருக்கலாம்னு மட்டும் நினைச்சிராதீங்க. பங்குப் பணத்தை கம்பெனி அக்கவுன்ட்ல கட்டி, பதிவான 180 நாளுக்குள்ள வியாபாரம் தொடங்கற அறிவிப்பு INC-20A போடணும். அதைப் போடாம வியாபாரமே தொடங்கக் கூடாது. விட்டா கம்பெனிக்கு 50 ஆயிரம் அபராதம். வருசாவருசம் போடற கணக்குப் படிவம் AOC-4, ஆண்டு அறிக்கை MGT-7A ரெண்டும் தாமதமானா படிவத்துக்கு நாளைக்கு 100 ரூபாய். ஒரு வருசம் மறந்தா 73 ஆயிரம்.

பெருந்துறை_டீகேக்
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சூப்பர் மார்க்கெட்டுல ஃபோன் பண்ணிக் கேட்டேன். வெண்டர் ஃபார்ம்ல ப்ரொப்ரைட்டர்னு ஒரு கட்டமே இருக்காம். ஜிஎஸ்டி, ஃபுட் லைசென்ஸ், கேன்சல் பண்ணின செக் இருந்தா போதும்னுட்டாங்க. ஆனா மச்சாண்டார் கோயமுத்தூர்ல கடை போட 10 லட்சம் தர்றேங்கறாரு, பங்கு வேணுமாம். அப்ப?

கோபி_கணக்கு
சூப்பர் மார்க்கெட்டுக்காக மாத்த வேண்டாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்து, 30 நாள்ங்கறதை ஆர்டர்ல எழுத்துல வாங்குங்க. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல இழுத்தடிக்கச் சட்டத்துல இடமில்லை.

வெளியாள் காசு போட்டுப் பங்கு கேக்கறதுதான் கம்பெனிக்கு உண்மையான காரணம். ப்ரொப்ரைட்டர்ல பங்கு கொடுக்கவே முடியாது. ஆனா அவர் 10 லட்சத்துக்கு எத்தனை சதவீதம் கேக்கறாருங்க? வருசம் 8 லட்சம் லாபம் தர்ற யூனிட்டு இது. பாதிக்கு மேல கேட்டா கொடுக்காதீங்க, வரிச் சலுகையும் போயிரும், முடிவெடுக்கற உரிமையும் போயிரும்.

திருப்பூர்_நூல்
சொந்தக்காரர்னா பார்ட்னர்ஷிப் போதாதா? செலவு கம்மி, கையில இருக்கற 8 லட்சக் கணக்குக்கு அதுவே தாங்கும்.

பொள்ளாச்சி_அடுமனை
பார்ட்னர்ஷிப்புல அவர் வாங்கற கடனுக்கு இவங்க வீடும் பதில் சொல்லணும். தவிர ஃபர்முக்கு முதல் ரூபாயில இருந்தே 30 சதவீதம் வரி. பார்ட்னர் சம்பளம் கழிச்சாத்தான் குறையும், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. எனக்கு அது ஒப்பலை.

பெருந்துறை_டீகேக்
40 சதவீதம் கேக்கறாருங்க. பேங்க்ல ஓவன் கடிதத்தைக் கேட்டுட்டு வந்து எழுதறேன்.