நிகழ்தகவு 1.07 என்று வருகிறதே, எங்கே தவறு?

குன்னூர் மாணவி

வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு. எர்டோஷ் 1963-இல் கொடுத்த ஒரு நிரூபணத்தில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். n பேர், ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு முறை ஆடுகிறார்கள், டிரா கிடையாது. எந்த இருவரை எடுத்தாலும் அந்த இருவரையும் வென்ற ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒரு முடிவுப் பட்டியல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பூவா தலையா போட்டு முடிவு செய்யச் சொல்கிறார்கள். ஒரு ஜோடியை எடுத்தால், மற்ற ஒருவர் அந்த இருவரையும் வெல்ல வாய்ப்பு 1/4. மீதி n−2 பேரில் ஒருவர்கூட அதைச் செய்யாமல் போக (3/4)^(n−2). இதை ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 1-க்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான் நிரூபணம்.

21 பேருக்கு 210 × (3/4)^19 = 0.888. சரி. 20 பேருக்கு 190 × (3/4)^18 = 1.07. நிகழ்தகவு எப்படி ஒன்றைத் தாண்டும்? அப்படியென்றால் 20 பேருக்கு அந்தப் பட்டியல் கிடையாதா? இன்னொன்று, இந்த ஜோடிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ராமுவும் சோமுவும் ஒரு ஜோடி, ராமுவும் கோபுவும் இன்னொரு ஜோடி, இரண்டிலும் ராமுவின் ஆட்டங்கள் வருகின்றன. பிறகு எப்படிக் கூட்டலாம்?

ஊட்டி பொறியாளர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. கூட்டுவதற்குப் பதில் பெருக்குங்கள். ஒரு ஜோடி தப்பிக்க, அதாவது அந்த இருவரையும் வென்ற ஒருவர் கிடைக்க, வாய்ப்பு 1 − (3/4)^19, 210 ஜோடியும் தப்பிக்க அதன் 210-ஆவது அடுக்கு. கிட்டத்தட்ட 0.41 வரும். பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் பட்டியல் இருக்கிறது. ஒன்றைத் தாண்டும் தொல்லையும் இல்லை.

கோத்தகிரி வாத்தியார்

பொறியாளர் தம்பி, அந்த வழி செல்லாது. அதே கணக்கை 6 பேருக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஜோடி, ஒவ்வொன்றும் தப்பிக்க 1 − (3/4)^4, அதாவது 0.684. அதன் 15-ஆவது அடுக்கு 0.003. பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் 6 பேருக்கு அப்படிப் பட்டியலே கிடையாது. காரணம் சின்னது. ஒருவரை வென்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ராமுவை சோமு வென்றான் என்றால், அந்த இருவரையும் வென்ற ஒருவர் வேண்டும். அவரும் ராமுவை வென்றவர்தான். ஆக ராமுவை வென்ற ஒவ்வொருவரையும், ராமுவை வென்ற இன்னொருவர் வென்றிருக்க வேண்டும். இரண்டு பேரை வைத்து அது முடியாது, மூன்று பேராவது வேண்டும். எல்லோரும் மூன்று முறையாவது தோற்க, ஆட்டங்கள் 3n-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். n(n−1)/2 ≥ 3n என்றால் n ≥ 7. ஜோடிகள் தனித்தனியானவை என்று நினைத்துப் பெருக்கினால் இல்லாத ஒன்று இருப்பதாகச் சொல்லிவிடும்.

அம்மா, உங்களுக்கு வருகிறேன். நிகழ்தகவு என்ற சொல்லையே கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். 21 பேருக்கு 210 ஆட்டம். நடக்கக்கூடிய ஒவ்வொரு முடிவுப் பட்டியலையும் ஒரு அட்டையில் எழுதினால் 2^210 அட்டைகள். ஒரு ஜோடியை எடுத்து, அந்த இருவரையும் வென்றவர் இல்லாத அட்டைகளில் எல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். ஒரு ஜோடிக்கு மொத்த அட்டைகளில் 0.42 சதவீதம் கோடு வாங்கும். 210 ஜோடிக்கும் போட்டு முடித்தால், நீங்கள் போட்ட கோடுகள் மொத்த அட்டைகளில் 88.8 சதவீதம் அளவு. அட்டைக்கு ஒரு கோடு என்று பரப்பினாலும் 11 சதவீத அட்டை சுத்தமாக நிற்கும். ஒரே அட்டை பல கோடு வாங்கினால் சுத்தமானவை இன்னும் கூடும். ஜோடிகளுக்குள் சார்பு இருப்பது எந்த அட்டையில் கோடுகள் குவியும் என்பதை மட்டும்தான் மாற்றுகிறது. யூனியன் பவுண்ட் என்பது இந்தக் கோடு எண்ணும் வேலைதான்.

20 பேருக்கு வந்த 1.07 நிகழ்தகவே அல்ல. கோடுகள் அட்டைகளைவிட அதிகம் என்கிறது. அதனால் சுத்தமான அட்டை இல்லை என்று ஆகாது. நம்மால் எதுவும் சொல்ல முடியவில்லை என்றுதான் ஆகும்.

குன்னூர் மாணவி

ரொம்ப நன்றி சார், அட்டை மனசில் நின்றுவிட்டது. அப்படியானால் சார்பின்மை எங்குமே தேவையில்லையா? (3/4)^19-இல் பெருக்கியிருக்கிறோமே.

கோத்தகிரி வாத்தியார்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கே தேவை. ஒரு ஜோடிக்குள் மீதி 19 பேரும் அந்த இருவருடன் ஆடுவது 38 தனித்தனி ஆட்டங்கள், எந்த ஆட்டமும் இரண்டு பேருக்குப் பொதுவல்ல. அதனால் அங்கே பெருக்கலாம். ஜோடிக்கு உள்ளே பெருக்கல், ஜோடிகளுக்கு நடுவே கூட்டல். இந்த இரண்டையும் கலந்ததில்தான் பொறியாளர் தம்பி வழுக்கினார்.

ஊட்டி பொறியாளர்

ஒத்துக்கொள்கிறேன். 6 பேர் கணக்கு நெற்றியில் அடித்தது போல இருந்தது.

ஹட்டி வாலிபால்

நான் கணக்கு படித்தவன் இல்லை, லீக் என்று பார்த்ததும் வந்தேன். எங்கள் ஹட்டிப் பக்கம் 7 அணி லீக் நடத்தினோம். கடைசியில் ஏழு அணிக்கும் மூன்று மூன்று வெற்றி. கோப்பை யாருக்கு என்று ஒரே தகராறு. இதில் வழி இருக்கிறதா?

கோத்தகிரி வாத்தியார்

கோப்பைக்கு வழி இல்லை தம்பி, செட் கணக்கைப் பாருங்கள். ஆனால் உங்கள் லீக் இங்கே பொருந்துகிறது. அணிகளுக்கு 0 முதல் 6 வரை எண் போடுங்கள். x என்ற அணி x+1, x+2, x+4 ஆகிய மூன்றையும் வெல்கிறது, 6-ஐத் தாண்டினால் 7-ஐக் கழிக்கவும். 3, 5 என்ற ஜோடியை இரண்டையும் வென்றது 1. இப்படி எந்த ஜோடிக்கும் சரியாக ஒரு அணி இருக்கும், ஏனென்றால் 1, 2, 4-க்குள் வித்தியாசம் எடுத்தால் 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வருகிறது.

அம்மா, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 7 பேருக்கு யூனியன் பவுண்ட் கணக்கு 21 × (3/4)^5, கிட்டத்தட்ட 5. ஆனாலும் பட்டியல் இருக்கிறது. 2^21 அட்டைகளில் 240 மட்டுமே சுத்தம், அதாவது சுமார் 8,700-க்கு ஒன்று. பூவா தலையா போட்டால் சீக்கிரம் சிக்காது. 30 பேருக்குப் போனால் கோடுகள் 14 சதவீதம்தான், முதல் முயற்சியிலேயே கிடைக்க நிறைய வாய்ப்பு. 435 ஜோடியையும் கணினியில் சரிபார்த்தால் போதும்.

ஹட்டி வாலிபால்

எங்கள் அட்டவணையைப் பார்த்தேன் சார். அதில் ஒரு ஜோடிக்கு, இரண்டு அணியையும் வென்றவர் யாருமே இல்லை. மூன்று மூன்று வெற்றி வந்தால் தானாக வந்துவிடாதா?

கோத்தகிரி வாத்தியார்

வராது. ஒவ்வொருவரும் அடுத்த மூன்று எண்ணை வென்றாலும் மூன்று வெற்றிதான், ஆனால் 0-ஐயும் 3-ஐயும் சேர்த்து வென்றவர் இருக்க மாட்டார்.

குன்னூர் மாணவி

ஜோடிக்குப் பதில் எந்த மூவரை எடுத்தாலும் என்று கேட்டால் கணக்கு 91 என்று வருகிறது. உண்மையில் எத்தனை பேர் போதும்?

கோத்தகிரி வாத்தியார்

19. அதற்குக் குறைந்து முடியாது என்பதும் நிரூபணமானது. உங்கள் 91 சரிதான், 90-க்கு 1.06 வரும்.

குன்னூர் மாணவி

நால்வருக்கு சார்?

கோத்தகிரி வாத்தியார்

67 பேருக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, 47-க்குக் கீழே முடியாது. நடுவில் எது என்று என்னால் சொல்ல முடியாது. யாராவது தெரிந்தவர் இருந்தால் எழுதுங்கள், இங்கே மின்சாரம் போய்விட்டது.