பச்சையில் தெரிந்த பேருந்து நேரம் பாதியிலேயே கருப்பாக மாறுகிறது

நான் நாள்தோறும் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை மின்சார ரயிலிலும், அங்கிருந்து அடையாறுக்குப் பேருந்திலும் வேலைக்குச் செல்கிறேன். மூன்று வாரங்களாக, வரைபடச் செயலியின் பொதுப் போக்குவரத்து வழிகாட்டலில் பச்சையாகத் தெரியும் பேருந்தின் நேரலை நேரம், பேருந்து நெருங்கும்போது கருப்பெழுத்துக்கு, அதாவது வெறும் அட்டவணை நேரத்துக்கு, மாறிவிடுகிறது. கடந்த செவ்வாயன்று காலை 8.40க்கு ‘4 நிமிடம்’ என்று பச்சையில் காட்டியது, 8.43க்கு அதே பேருந்து கருப்பில் 8.44 என்றிருந்தது, பிறகு பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. பேருந்து வந்ததோ 8.57க்கு. ரயிலுக்கு எனக்கு எப்போதுமே கருப்பெழுத்துதான் என்பதால் அதை நான் நம்பியிருப்பதில்லை.

என் கைபேசியில் இருப்பது ஆண்ட்ராய்டு 14. செயலியைப் புதுப்பித்து, தற்காலிகச் சேமிப்பை அழித்து, துல்லிய இருப்பிட அனுமதியும் கொடுத்துவிட்டேன். புறப்படும் நேரத்தை முன்கூட்டிக் குறிக்காமல் ‘இப்போது’ என்றே வைத்தும், வழித்தடத்தை விட்டு நிறுத்தத்தின் பெயரையே தொட்டும் பார்த்தேன். உடன் பணிபுரிபவரின் ஐபோனிலும் அதே நொடியில் அதே மாற்றம் நிகழ்வதால், கோளாறு என் கைபேசியில் இல்லை என்று கருதுகிறேன்.

நேரம் இவ்வாறு கருப்பாக மாறியபின், பேருந்து நிறுத்தத்தைக் கடந்துவிட்டதா அல்லது அதன் ஜி.பி.எஸ். தகவல் மட்டும் நின்றுபோனதா என்பதைச் செயலியிலேயே அறிய வழி உண்டா?