புகாரின் ஏழாவது நகல்

திருப்பூர் அக்கா: பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை. செக்கிங் பெண் ஒருத்தி லைன் சூப்பர்வைசர் மேல் பாலியல் புகார் எழுதிக் கொடுத்தாள். 2013-ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கு ஆறு நகல் வேண்டும். அன்றைக்கு ஆபீஸ் மெஷின் ரிப்பேர், பையனை முக்குக்கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன். ஒரு நகல் மை தேய்ந்து வந்ததாம், கடையிலேயே போட்டுவிட்டு இன்னொன்று எடுத்து வந்திருக்கிறான். சாயங்காலம் அவள் வந்து நின்றாள். "ஏனுங்க மேடம், என்ர கையெழுத்தச் செக்கிங் டேபிள்ல படிச்சுட்டு இருக்காங்க." மூன்றாம் நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. இரண்டு வருஷமாகிறது, அந்த முகம் போகவில்லை. இந்த மாதிரி புகார் ஃபைலை எப்படி, எத்தனை வருஷம் வைக்க வேண்டும்?

பல்லடம் ரவி: வருத்தமாக இருக்குதுங்க. ஆனால் சட்டப்படி ஃபைலை 3 வருஷம் வைத்தால் போதும், அப்புறம் கிழித்துவிடலாம். எங்கள் கம்பெனியில் அப்படித்தான், பழைய பில்லோடு சேர்த்து எடைக்குப் போடுவோம்.

கோவை வெளி உறுப்பினர்: ரவி தம்பி, தயவுசெய்து நிறுத்துங்கள். 3 வருஷம் என்பது கம்பெனியில் இந்தப் புகார்களை விசாரிக்கும் குழுவின் உறுப்பினருக்கு அதிகபட்சப் பதவிக்காலம். ஃபைலை எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. விசாரணைக்கு 90 நாள், பரிந்துரை வந்தபின் மேல்முறையீட்டுக்கு 90 நாள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கு. அதனால் கடைசி வழக்கு முடிந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். நான் வெளியிலிருந்து உறுப்பினராக இருக்கும் ஒரு குழுவில், யார் மேல் புகாரோ அந்த ஆள் வேலையில் இருக்கும்வரை ஃபைலைக் கிழிப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம். காரணம் உண்டு. ஒரு மில்லில் ஐந்து வருஷம் கழித்து அதே ஆள் மேல் இன்னொரு பெண் புகார் கொடுத்தாள். பழைய ஃபைலைக் கேட்டோம், எடைக்குப் போய்விட்டது. முதல் புகாரே வராத மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, புகாரை வைக்கும் உறைமேல் பெயர் வேண்டாம், நம்பர் மட்டும். அவளுடைய பர்சனல் ஃபைலோடு சேர்க்காதீர்கள், சம்பள கிளார்க் தினமும் புரட்டுவது அது. ஸ்கேன் செய்தால் மெஷினின் பொது ஃபோல்டரில் நிற்கிறதா என்று பார்த்து அழியுங்கள். கிழிப்பதானால் குழுத் தலைவி முன்னால் துண்டாக்கி, ரிஜிஸ்டரில் நம்பரும் தேதியும் எழுதிக் கையெழுத்து.

சென்னிமலை விவசாயி: நான் சாயத்தண்ணி பற்றி மனுக் கொடுத்தேனுங்க. ராத்திரியே பட்டறைக்காரர் என் மனுவைப் போனில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். எங்கள் மனுவுக்கும் உறை உண்டா?

பல்லடம் ரவி: சரிங்க கோவை அக்கா, 3 வருஷம் என் தப்பு. ஆனால் வேண்டாத ஃபைல் இருக்க இருக்க எவன் கையிலாவது சிக்காதா?

கோவை வெளி உறுப்பினர்: சிக்கும். அதனால்தான் ஃபைல் இருக்கும் பீரோவை ஒருவரே தனியாகத் திறக்க முடியக் கூடாது என்கிறேன். விவசாயி ஐயா, உங்களுடையது வேறு சட்டம், எனக்குப் பழக்கமில்லை.

திருப்பூர் அக்கா: விவரத்தை வெளியே விட்டவரிடம் 5,000 ரூபாய் வசூலிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பையனை அனுப்பியது நான், நானே கட்டுகிறேன் என்றேன், முதலாளி விட்டுவிட்டார். இப்போது வேறு கவலை. அப்போதைய தலைவி ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார், அவருடைய நகல் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. திரும்பக் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டேன்.