கலைச்சொல் உதவி: கிளிப்பிங், பிளெண்டிங், பேக்-ஃபார்மேஷன், அக்ரோனிம் – திங்கள் காலைக்குள்

மீனாட்சி, தொம்லூர் (வெள்ளி இரவு)

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்வழிக் கல்விக்கான மொழியியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். ஏழாம் அலகில் மாட்டிக்கொண்டேன்.

லேபரட்டரி லேப் ஆவது, பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்து பிரன்ச் ஆவது, எடிட்டரிலிருந்து எடிட் பிறந்தது, ரேடார். இந்த நான்குக்கும் முறையே குறுக்கம், கலப்புச்சொல், பின்னாக்கம், முதலெழுத்துச்சொல் என்று போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அதன் புரொடக்டிவிட்டி எவ்வளவு என்று ஒரு பத்தி வருகிறது. அதற்கு உற்பத்தித்திறன் என்று எழுதிவிட்டு வாசித்தால் பீன்யா தொழிற்பேட்டை அறிக்கை மாதிரி இருக்கிறது. கைகொடுங்கள்.

இராமசாமி, அல்சூர் (வெள்ளி இரவு)

அன்புள்ள மீனாட்சி அம்மா, முதலில் குறுக்கத்தை எடுத்துவிடுங்கள். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று மாத்திரை குறைவதற்கு அது என்றோ பட்டா போட்ட சொல். புதிதாகத் தேடவும் வேண்டாம். 'ஒருமொழி மூவழிக் குறைதலும் அனைத்தே' என்று நன்னூலார் அப்போதே சொல்லிவிட்டார். தாமரை மரை ஆவது முதற்குறை, ஓந்தி ஓதி ஆவது இடைக்குறை, நீலம் நீல் ஆவது கடைக்குறை. டெலிஃபோன் ஃபோன் ஆனது முதற்குறை, லேப் கடைக்குறை. பொதுப்பெயர் 'குறை'. தீர்ந்தது.

நான்காவதற்கு அஃகுப்பெயர் என்று இணையத்தில் சிலர் எழுதுவதைப் பார்த்தேன். அருமையான சொல். அஃகுதல் என்றால் சுருங்குதல். 'அஃகாமை செல்வத்திற்கு யாதெனின்' என்று வள்ளுவர் சொல்வது செல்வம் சுருங்காமை. 'அஃகி அகன்ற அறிவு' என்னும்போது அதே அஃகி நுண்மையாகிறது. சுருங்கியது நுண்மையாவது எவ்வளவு பொருத்தம்! அஃகம் என்று தானியத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அதற்கும் இதற்கும் உறவு உண்டா என்று தனி மடலில் எழுதுகிறேன்.

செந்தில், ஒயிட்ஃபீல்டு (சனி காலை)

ஐயா, அஃகுப்பெயரை என் மகன் 'அக்குப்பெயர்' என்று வாசித்து, அக்குபங்க்சரா அப்பா என்கிறான். முதலெழுத்துச்சொல் என்றால் அவனுக்கே புரிகிறது. மாணவர் அகராதியைத் திறக்காமல் புரிந்துகொள்ள வேண்டும் இல்லையா?

மீனா அக்கா, உற்பத்தித்திறன் வேண்டவே வேண்டாம். எங்கள் ஆபீசில் அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் கேட்பது அது. ஆக்கத்திறன் போடுங்கள்.

இன்னொன்று. தமிழில் மிக ஆக்கத்திறன் உள்ளது ஊர்ப்பெயர் சுருக்கம்தான். கோவை, நெல்லை, தஞ்சை, புதுவை, குடந்தை, மயிலை, சைதை. நம் குழுவின் பழைய மடல்கள் முழுவதையும் துழாவிப் பார்த்தேன். 612 இடங்களில் வருகிறது. பாடத்தில் தமிழ் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதையே வைக்கலாம்.

எட்வர்டு, ஃப்ரேசர் டவுன் (சனி காலை)

சொல்லாக்கத்தில் திறன் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதுதானே? நான் தமிழ் ஹையர் தட்டச்சு தேறியவன். மொழிபெயர்ப்பில் அந்த வேகம் வராது. அந்த அம்மாவைத் திங்கள் காலை என்று நெருக்குவது நியாயமில்லை.

லலிதா, ஜெயநகர் (சனி மதியம்)

எட்வர்டு சார், அக்கறைக்கு நன்றி. ஆனால் இங்கே கேட்பது மீனாட்சியின் வேகத்தை அல்ல. ஒரு வழிமுறை இன்னும் புதுச்சொல் ஈன்றுகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதை.

செந்தில், அந்த 612இல் எத்தனை வெவ்வேறு பெயர்? அவற்றில் ஒரே ஒரு முறை மட்டும் வந்தது எத்தனை? கோவை நானூறு முறை வந்தால் அது கோவைக்காரர்கள் நிறைய மடல் போடுகிறார்கள் என்பதைத்தான் காட்டும். உயிருள்ள வழிமுறை என்றால் யாரோ எங்கோ அந்தக் கணத்தில் உண்டாக்கி, மறுபடி யாரும் தொடாத சொற்கள் நிறையச் சிதறிக் கிடக்கும். ஹரால்ட் பாயன் என்ற மொழியியலாளர் இதைத்தான் அளவுகோலாக்கினார். ஒருமுறை மட்டும் வந்த சொற்களின் எண்ணிக்கையை மொத்த வருகையால் வகுக்க வேண்டும். ஒப்பிட '-காரர்' விகுதியை எடுத்துப் பாருங்கள்.

ஐயா, 'குறை' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இன்ஃப்ளுயன்சா ஃப்ளூ ஆனதை எங்கே வைப்பீர்கள்? தலையும் போய்விட்டது, வாலும் போய்விட்டது, நடுவில்தான் மிச்சம். இடைக்குறையில் நடுதான் போகும். இது நேர் எதிர்.

செந்தில் (சனி மாலை)

எண்ணினேன் மேடம். 612 வருகையில் 17 பெயர்கள்தான். ஒருமுறை வந்தவை 2. அதில் ஒன்று, மாரத்தஹள்ளியை 'மாரதை' என்று ஒருவர் கிண்டலாக எழுதியது. 2ஐ 612ஆல் வகுத்தால் 0.003.

'-காரர்' 140 இடம். ஒருமுறை வந்தவை 31. ஏர்ஃபைபர்க்காரர், வாடகை ஒப்பந்தக்காரர், 'அந்த ரெண்டாம் மாடி கிட்டார்காரர்' எல்லாம் உண்டு. 0.22. என் வாதம் விழுந்தது என்று நினைக்கிறேன்.

லலிதா (சனி மாலை)

விழுந்தது, ஆனால் இந்த இரண்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். தொகுப்பு பெரிதாகப் பெரிதாக ஒருமுறைச் சொற்கள் வருவது மந்தமாகும், அதனால் வகுத்து வரும் எண்ணும் இறங்கும். 612ஐ 140உடன் ஒப்பிடுவது அநியாயம். ஊர்ப்பெயரிலும் முதல் 140 வருகையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

செந்தில் (சனி இரவு)

முதல் 140இல் ஒருமுறை வந்தது 4. 0.03. இடைவெளி குறைந்தது, ஆனாலும் '-காரர்' எங்கேயோ இருக்கிறது. அப்புறம் ஒரு விஷயம். '-காரர்' தேட ஒரு நிமிடம் ஆனது. ஊர்ப்பெயருக்கு ஐகாரத்தில் முடியும் சொல்லெல்லாம் வந்து கொட்டின. யானை, மழை, வேலை, சண்டை. கையால் பொறுக்கியதில் பாதி நாள் போனது.

லலிதா (ஞாயிறு காலை)

செந்தில் போகிற போக்கில் சொன்னதுதான் மீனாட்சியின் உண்மையான சிக்கல். இந்த அளவுகோல் விகுதி தெரியும் சொற்களுக்கானது. அவருடைய நான்கிலும் விகுதி கிடையாது. குறையில் எது வெட்டப்பட்டது என்று சொல்லைப் பார்த்துத் தெரியாது. கலப்பில் இரண்டு சொல்லின் துண்டுகளும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் முறிகின்றன. தமிங்கிலத்தைப் பாருங்கள். சந்தி விதிப்படி சேர்ந்திருந்தால் தமிழாங்கிலம் ஆகியிருக்கும். இங்கே ழகரமும் போய், ஆகாரமும் போய், 'தமி'யும் 'ங்கில'மும் ஒட்டிக்கொண்டன. அடுத்த கலப்பை இதை வைத்து ஊகிக்க முடியாது. அதனால்தான் சிலர் இதை ஆக்கத்திறன் என்றே ஏற்பதில்லை. வேண்டுமென்று செய்யும் சாமர்த்தியம், அறியாமல் ஓடும் விதி அல்ல என்பார்கள்.

மிக மோசமானது பின்னாக்கம். எடிட், எடிட்டர் இரண்டையும் இன்று பார்ப்பவருக்கு நடி, நடிகர் மாதிரிதான் தோன்றும். எடிட்டர் 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, எடிட் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது என்ற தேதி ஒன்றுதான் சாட்சி. நமக்குத் தெரிந்த அசுரர், சுரர் கதையும் அதுவே. ரிக் வேதத்தில் அசுரன் என்பது வருணனுக்கே அடைமொழி. பிற்பாடு யாரோ முன்னால் இருக்கும் அகரத்தை 'அநீதி'யில் வரும் அகரம் போன்ற எதிர்மறை என்று எண்ணி வெட்டினார்கள், தேவர்களுக்குச் சுரர் என்ற பெயர் கிடைத்தது. விதவையிலும் அப்படித்தான். 'வி'யை முன்னொட்டு என்று நினைத்து நறுக்கியதில் வடமொழியில் கணவனுக்குத் 'தவ' என்று ஒரு சொல் பிறந்தது. லத்தீன் விதுவா, ஆங்கில விடோ எல்லாம் உறவுச் சொற்கள். அந்த 'வி' பிரிக்கக் கூடியதே அல்ல.

ஆகவே பின்னாக்கத்தின் ஆக்கத்திறன் குறைவு என்று எழுதாதீர்கள். எண்ண வழியில்லை என்று எழுதுங்கள்.

இராமசாமி (ஞாயிறு காலை)

அற்புதம் அம்மா. ஆனால் இதில் பின்னால் போவது என்ன இருக்கிறது? விகுதியோ முன்னொட்டோ அல்லாததை அதுவென்று மயங்கி நீக்குகிறார்கள். 'மயக்கநீக்கம்' என்று சொன்னால் தகும். ஃப்ளூவுக்கு 'இருதலைக்குறை'. கலப்புச்சொல் வேண்டாம், தமிழும் வடமொழியும் கலந்தால் அதையும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டு குறைகளை ஒட்டியது 'குறையொட்டு'.

தொம்லூரில் இருப்பவருக்கு இன்னொரு செய்தி. உங்கள் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டில் ஊர்ப்பெயர் தொம்பலூர். அதுவும் குறைதானே?

லலிதா (ஞாயிறு மதியம்)

அது மரூஉ ஐயா. தலைமுறை தலைமுறையாக வாயில் தேய்ந்தது. லேபை யாரோ ஒருவர் ஒரு நாள் வெட்டினார். நெல்லை எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்கே தயக்கம்தான். குறையொட்டு நன்று. மயக்கநீக்கம் என்றால் மயக்கம் தெளிய மருந்து கொடுப்பது போல இருக்கிறது.

எட்வர்டு (ஞாயிறு மதியம்)

நான் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். பேத்திக்குப் பள்ளியில் பி.டி.எம். லேஅவுட்டுக்கு விரிவு எழுதச் சொன்னார்கள். பைரசந்திரா, தாவரேகெரே, மடிவாளா என்று சொன்னேன். அங்கேயே இருபது வருடமாக இருக்கும் மருமகனுக்குத் தெரியவில்லை. விரிவு தெரியாவிட்டால் அது இன்னும் முதலெழுத்துச்சொல்லா, வெறும் பெயரா?

செந்தில் (ஞாயிறு மாலை)

நல்ல கேள்வி சார். டாஸ்மாக் போகிற எவருக்கும் அது மாநில வாணிபக் கழகம் என்ற நினைப்பு வராது. தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரேடார் சொல்லாக வாசிக்கப்படும், பி.பி.சி. எழுத்தெழுத்தாக வாசிக்கப்படும். நமக்கு முதலெழுத்தே உயிர்மெய். திமுக, தேமுதிக, தமாகா எல்லாம் எழுத்தாக வாசித்தாலும் சொல்லாகவே வந்துவிடும், உடனே 'திமுகவினர்' என்று விகுதியும் ஒட்டிக்கொள்ளும். கட்சி தொடங்கினால் சுருக்கம் அன்றைக்கே வந்துவிடுகிறது. இந்த நான்கில் உயிரோட்டமுள்ளது இதுதான் என்று, இந்த முறை எண்ணாமலே சொல்கிறேன்.

லலிதா (ஞாயிறு மாலை)

எண்ணாமல் சொல்வதை ஏற்க மாட்டேன். ஆனால் மறுக்கவும் மாட்டேன்.

மீனாட்சி (ஞாயிறு இரவு)

மிக்க நன்றி. குறை, குறையொட்டு, பின்னாக்கம், முதலெழுத்துச்சொல், ஆக்கத்திறன். இப்படியே அனுப்புகிறேன். அஃகுப்பெயரை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை வைத்திருக்கிறேன் ஐயா, கோபிக்க வேண்டாம். பின்னாக்கத்தில் வைக்கத் தமிழ் எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். 'மொழிபெயர்ப்பு' உதவாது, மொழிபெயர்த்தல் தொல்காப்பியத்திலேயே வினையாக இருக்கிறது. 'பதிவிறக்கம்' முதலில் வந்து, பிறகு 'பதிவிறக்கு' வெட்டப்பட்டதா? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

செந்தில் (ஞாயிறு இரவு)

நம் குழுவில் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மடல்கள் என்னிடம் இல்லை.

இராமசாமி (திங்கள் அதிகாலை)

அச்செடுத்து வைத்தவை என் பரணில் இருக்கின்றன. பேரன் எழுந்ததும் ஏணி பிடிக்கச் சொல்கிறேன். அடைப்புக்குறி அஃகுப்பெயருக்கு இழுக்கு என்பதையும் பதிவு செய்கிறேன்.