நிலத்தடி சம்ப் கட்டியவர்கள் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் மேலே எழும்புமா?

தேவனாம்பட்டினம்காரன்

கோடையில் வீட்டு முன்புறம் சம்ப் கட்டினோம். இரண்டு குடும்பம், மொத்தம் எட்டுப் பேர். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 1,080 லிட்டர். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், மழைக்காலத்தில் அதுவும் தவறும் என்பதால் நான்கு நாள் தேவையைக் கணக்கில் எடுத்தோம். உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 1.2 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 4,320 லிட்டர் வரும். அதற்கு மேல் ஓரடி காலியிடம் விட்டு உள்ளுயரத்தை 1.5 மீட்டர் ஆக்கினோம்.

தரையும் சுவரும் ஆறு அங்குல கான்கிரீட், மூடி ஐந்து அங்குலம். மேஸ்திரி போட்ட படத்தில் அடித்தளம் சுவரோடு முடிந்திருந்தது. சைட் பார்க்க வந்த எங்கள் சித்தப்பா, ஓய்வுபெற்ற என்ஜினியர், "மழைக்காலத்தில் தொட்டி எழும்பாமலிருக்க அடித்தளத்தை நாலு பக்கமும் அரையடி வெளியே நீட்டு" என்றார். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. குழியையும் அரையடி பெரிதாக வெட்ட வேண்டுமே! மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

லாஸ்பேட்டை

அவ்வளவெல்லாம் தேவையில்லை சார். நாங்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் கட்டி உள்ளே பூசினோம். பல வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த தொட்டி எங்கே போய் மிதக்கும்?

சைட் என்ஜினியர், புதுச்சேரி

லாஸ்பேட்டை மேட்டுப்பகுதி, செம்மண். உங்கள் குழிக்குள் ஊற்று எட்டிப் பார்த்திருக்காது, அதனால் உங்கள் அனுபவம் உங்களுக்குச் சரி. தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரை மணலில் கார்த்திகை மாதம் நாலடி தோண்டினாலே தண்ணீர். அங்கே பயம் நிறைந்த தொட்டியைப் பற்றியதில்லை, கழுவுவதற்காகக் காலி செய்த தொட்டியைப் பற்றியது.

தேவனாம்பட்டினம் நண்பரின் அளவையே எடுத்துக்கொள்வோம். மேஸ்திரி படத்தின்படி மொத்த கான்கிரீட் 3.2 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் என்றால் சம்பின் எடை சுமார் 8 டன். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், சம்பின் வெளியளவு அடைக்கும் இடத்துக்குச் சமமான நீரின் எடை மேல்நோக்கித் தள்ளும். வெளியளவு 2.7க்கு 1.8, உயரம் அடித்தளத்தோடு 1.65. அதுவும் 8 டன். கம்பி மேல் நடப்பது மாதிரி. மழை பலமாகப் பிடித்து, உள்ளே தண்ணீரும் இல்லையென்றால் எழும்பிவிடும்.

சித்தப்பா சொன்னபடி அரையடி நீட்டினால் கூடுதல் கான்கிரீட் கால் கன மீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த விளிம்பின் மேல் ஒன்றரை மீட்டர் மண் உட்காருகிறது. நீரில் ஊறிய நிலையிலும் அந்த மண் சுமார் 2 டன் அழுத்தும். இப்போது கீழே இழுப்பது பத்தரை டன், மேலே தள்ளுவது 8.2 டன். குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். இது அதைத் தாண்டுகிறது.

முத்தியால்பேட்டை

எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. சுவர் ஏற்றி, மூடி போடாமல் குழியை மூடாமல் விட்டிருந்தார்கள். மழை ஓய்ந்து பார்த்தால் ஒரு மூலை ஓரடி எழும்பி, தொட்டி சாய்ந்து கிடந்தது. கீழே மணல் புகுந்துவிட்டதால் மறுபடி இறக்கவே முடியவில்லை. உடைத்துத்தான் எடுத்தார்கள்.

சைட் என்ஜினியர், புதுச்சேரி

மூடியின் எடையும் இல்லை, விளிம்பின் மேல் மண்ணும் இல்லை. அந்தக் கட்டத்தில் மழை பெய்தால் தொட்டிக்குள்ளேயே தண்ணீரை விட்டுவிட வேண்டும். இறைக்கக் கூடாது.

திருப்பாப்புலியூர் அம்மா

என் சந்தேகம் வேறு. மொட்டை மாடித் தொட்டிக்கும் சம்புக்கும் ஒரே கம்பிக் கணக்குதானா?

தேவனாம்பட்டினம்காரன்

அக்கா, மாடித் தொட்டி பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் சம்புக்கு ஆன கம்பியைச் சொல்கிறேன். எல்லாமே 10 மில்லிமீட்டர், ஆறு அங்குல இடைவெளி, இரண்டு திசையிலும். சுவரில் நடுவில் ஒரே வலை, அடித்தளத்தில் மேலும் கீழுமாக இரண்டு, மூடியில் ஒன்று. சுவருக்கு 150 கிலோ, அடித்தளத்துக்கு 108, மூடிக்கு 49. வெட்டுச் சேதம் சேர்த்து 320 கிலோ. 12 மீட்டர் கம்பி ஒன்று 7.4 கிலோ, ஆக 43 கம்பி. முதலில் ஒரு கான்ட்ராக்டர் 600 கிலோ எழுதிக் கொடுத்தார், எங்கே போகும் என்று கேட்டால் பதில் இல்லை.

கான்கிரீட் எம்30, விளிம்போடு மொத்தம் 3.4 கன மீட்டர். சிமென்ட் 27 மூட்டை, ஜல்லி ஒரு யூனிட், எம்-சாண்ட் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அடியில் போட்ட கம்பியில்லாத பி.சி.சி. கான்கிரீட்டுக்குத் தனியாக மூன்று மூட்டை.

லாஸ்பேட்டை

இவ்வளவு செலவுக்குப் பதில் உள்ளே நல்ல எபாக்ஸி பெயின்ட் அடித்தால் கசிவே இருக்காதே?

சைட் என்ஜினியர், புதுச்சேரி

உள்ளிருந்து வெளியே போகும் தண்ணீரை அது நிறுத்தும். உங்கள் மேட்டில் அது போதும். இங்கே தண்ணீர் வெளியிலிருந்து சுவருக்குள் அழுத்தும். பெயின்டுக்குப் பின்னால் வந்து கொப்புளம் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். மண் மூடுவதற்கு முன் வெளிச்சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டியது முதல் வேலை. உள்ளே சிமென்ட் கலந்த பூச்சு இரண்டு கோட். இந்த சம்பில் தரையும் சுவரும் சேர்ந்து 15 சதுர மீட்டர் சொச்சம். மீட்டருக்கு ஒன்றரை கிலோ என்றால் 23 கிலோ. டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் பூச்சைவிட முக்கியம் தரையும் சுவரும் சேரும் மூட்டு. தரை கான்கிரீட் போடும்போதே சுவரை அரையடி உயரம் சேர்த்துப் போட்டு, அந்த மட்டத்தில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டையை நிறுத்துங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேயும், சென்ட்ரிங் பலகையை இறுக்கிய ஓட்டைகளிலும்தான் வரும்.

தேவனாம்பட்டினம்காரன்

நிரப்பிச் சோதித்தோம். முதல் சில நாள் கான்கிரீட் குடிக்கும் என்றார்கள், குடித்தது. அப்புறம் மட்டத்தில் கோடு கிழித்து ஒரு வாரம் விட்டோம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 36 லிட்டர். எங்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை. வெளிப்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மண் போட்டோம்.

முத்தியால்பேட்டை

எங்கள் மனையில் ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் விளிம்பு நீட்ட முடியாது. அதற்குப் பதில் அடித்தளத்தை ஓரடி கனமாக்கினால் போதாதா?

சைட் என்ஜினியர், புதுச்சேரி

கனமாக்கினால் எடை கூடும், ஆனால் அடைக்கும் இடமும் கூடும். கன மீட்டருக்கு இரண்டரை டன் சேர்த்தால் ஒரு டன்னைத் தண்ணீர் திருப்பித் தள்ளிவிடும். விளிம்பே இல்லாமல் ஓரடி அடித்தளம் போட்டாலும் 1.12 மடங்குதான் வருகிறது. மூன்று பக்கம் மட்டும் அரையடி நீட்டினால், அதுவும் நீளப் பக்கம் ஒன்றை விட்டால், 1.19. அது கிட்டத்தட்ட போதும். ஆனால் பிடிமானம் ஒரு பக்கமாக இருப்பதால் சாயுமா என்பதை வரைபடம் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

திருப்பாப்புலியூர் அம்மா

அப்போ தீபாவளிக்கு முன்னால் சம்ப் கழுவுவது சரியா, பொங்கலுக்கு அப்புறமா?

தேவனாம்பட்டினம்காரன்

நாங்கள் சித்திரையில் கழுவுவது என்று முடிவு செய்திருக்கிறோம் அக்கா. ஐப்பசியில் அவசரமென்றால் பாதித் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டுச் சுவரை மட்டும் தேய்க்கலாம்.