பழைய சோபா செட்டை விற்க விளம்பரம்: எதை எழுதுவது, எவ்வளவு விலை போடுவது? (இங்கிலாந்து)

நித்யா, ரெடிங்

வணக்கம். வேலை மாறியதால் இந்த மாதக் கடைசியில் லீட்ஸ் போகிறோம். அங்கே பார்த்திருக்கும் வீட்டில் எல்லாச் சாமான்களும் இருக்கின்றன. அதனால் எங்கள் சோபா செட்டை விற்க வேண்டும். மூன்று பேர் உட்காருவது ஒன்று, இரண்டு பேர் உட்காருவது ஒன்று. சாம்பல் நிறத் துணி. மூன்று வருஷத்துக்கு முன்பு இரண்டும் சேர்த்து 899 பவுண்டுக்குப் புதிதாக வாங்கியது.

பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் ‘நல்ல நிலையில் உள்ள சோபா செட், 450 பவுண்டு’ என்று இரண்டு படத்தோடு போட்டேன். ‘இன்னும் இருக்கிறதா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், பதில் சொன்னதும் காணாமல் போகிறார்கள். ஒரே ஒருவர் நேரில் வந்தார். பெரிய சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘அமுங்குகிறதே, அதை ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டுத் திரும்பிவிட்டார். சின்ன சோபாவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் கறையும் இருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் யாராவது வாங்குவார்களா? விலை அதிகமா?

கார்த்திக், ஸ்லவ்

குறையை நாமே எழுதத் தேவையில்லை. தனியாள் தனியாளுக்கு விற்பதுதானே, ‘இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது’ என்று ஒரு வரி போட்டால் போதும், அப்புறம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. விலைக்கு எளிய கணக்கு: புதிதாக வாங்கிய விலையில் பாதி. 450 சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் காத்திருங்கள்.

ரமேஷ், ஹண்ட்ஸ்லோ

நாங்கள் போன மாதம்தான் வந்தோம். எங்களுக்கும் சோபா வேண்டும், ஆனால் 200க்கு மேல் முடியாது. புதிது வாங்குவது நல்லதா, பழையதா?

சிவா, மில்டன் கீன்ஸ்

ரமேஷ், உங்கள் கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் நித்யாவுடையது.

நான் சோபாவுக்குத் துணி மாற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன். கார்த்திக் சொன்னதில் பாதி சரி. தனியாள் விற்கும்போது கடைக்காரருக்கு இருக்கும் அளவு பொறுப்பு இல்லைதான். கேட்காத குறையை நாமாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. ஆனால் எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். ‘நல்ல நிலையில்’ என்று எழுதிவிட்டு, கேட்டவரிடம் ‘அமுங்கல் எதுவும் இல்லை’ என்றும் சொன்னால் அது பொய்யான விவரம். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ‘இருக்கும் நிலையில்’ என்ற வரி அப்போது காப்பாற்றாது. இதையெல்லாம் விடுங்கள், உங்களுக்கு நடந்ததையே பாருங்கள். வந்தவர் உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். எழுதியிருந்தால், அந்தக் குறையோடு வாங்கச் சம்மதிப்பவர் மட்டும் வந்திருப்பார்.

நித்யா, ‘கொஞ்சம் அமுங்கும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்து மெத்தையை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் தளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். வலது ஓரத்தையும் அதே மாதிரி அழுத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளினால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, மெத்தைக்குள் இருக்கும் ஃபோம்தான் தளர்ந்திருக்கிறது. உறுதிப்படுத்த இடது மெத்தையையும் வலது மெத்தையையும் இடம் மாற்றி வைத்து உட்காருங்கள். அமுங்கல் மெத்தையோடு சேர்ந்து வலது பக்கம் போனால் குறை ஃபோமில். இடது ஓரத்திலேயே நின்றால் ஸ்பிரிங்கிலோ பெல்ட்டிலோ. அப்போது சோபாவைக் குப்புறச் சாய்த்து அடியில் இருக்கும் கறுப்புத் துணியைத் தடவிப் பாருங்கள். வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங்கின் ஒரு முனை கிளிப்பிலிருந்து விடுபட்டிருந்தால் துணி அந்த இடத்தில் தொங்கும், கைக்கும் தட்டுப்படும்.

இந்த வித்தியாசம் விலையையே மாற்றும். ஃபோம் என்றால் அளவுக்கு வெட்டி வாங்கி உறைக்குள் போட்டுவிடலாம், வாங்குகிறவர் பயப்பட மாட்டார். சோபாவின் மரச்சட்டம் உடைந்திருந்தால் அதை விற்கவே யோசிப்பேன்.

நித்யா, ரெடிங்

மாற்றி வைத்துப் பார்த்தேன் அண்ணா. அமுங்கல் மெத்தையோடுதான் போகிறது! அடியில் துணி எங்கும் தொங்கவில்லை.

அளவு எடுத்தேன். பெரியது அகலம் 208, ஆழம் 95, உயரம் 88 சென்டிமீட்டர். சின்னது அகலம் 152, மற்றவை அதே. இது போதுமா?

சிவா, மில்டன் கீன்ஸ்

அறையில் வைக்க இந்த அளவு போதும். வாசலில் நுழைக்கப் போதாது. வேன் பிடித்து வந்தவர் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு உங்களுக்கு ஃபோன் செய்வார். இங்கே உள்கதவுகள் பல வீடுகளில் 76 சென்டிமீட்டர் பலகைதான். கதவை முழுக்கத் திறந்தாலும் கதவின் தடிமனும் சட்டமும் போகக் கிடைக்கும் இடம் 71க்குப் பக்கத்தில் நிற்கும். கதவைக் கீலிலிருந்து கழற்றினால் 74 வரை வரலாம். வீட்டுக்கு வீடு மாறும், அதனால் அவரவர் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கொடுக்க வேண்டியது, கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிய பிறகு உள்ள சிறிய அளவு. சாய்மான மெத்தைகளை எடுத்துவிடுங்கள். கால்கள் திருகிக் கழற்றுகிற மாதிரியா என்று பாருங்கள். பிறகு சட்டத்தின் உயரத்தை அளங்கள். இன்னொன்றும் உண்டு: சாய்மானத்தின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன் மூலை வரை ஒரு நேரான குச்சியை வைத்து, பின்பக்கக் கீழ் மூலையிலிருந்து அந்தக் குச்சிக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை எடுங்கள். சோபாவைச் சாய்த்து நுழைக்கும்போது வாசலுக்குள் போவது இந்த அளவுதான்.

நித்யா, ரெடிங்

கால்கள் கழன்றன, 8 சென்டிமீட்டர். மெத்தையும் காலும் இல்லாமல் சட்ட உயரம் 74. குச்சி வைத்து எடுத்தது 72. அப்படியென்றால் சிலர் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும், இல்லையா? இதையும் எழுதிவிடுகிறேன்.

சாந்தி அக்கா, ஹரோ

தங்கச்சி, செற்றியின்ர தீப் பாதுகாப்பு லேபிள் இருக்குதா எண்டு முதல்ல பாருங்கோ. இருக்கை மெத்தைக்குக் கீழ அல்லது அடியில தைச்சிருப்பினம். கவனக்குறைவு தீயை உண்டாக்கும் எண்ட கருத்தில பெரிய ஆங்கில எழுத்து இருக்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது. தனியாள் விக்கிறதுக்கு அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனா சாரிட்டிக் கடையள் லேபிள் இல்லாட்டி எடுக்கமாட்டினம். வாடகைக்கு வீடு குடுக்கிறவைக்கும் அது தேவை, அவையும் உங்கட விளம்பரத்தைப் பாப்பினம். வெட்டி எறியாமல் இருந்தால் தெளிவாப் படம் எடுத்துப் போடுங்கோ.

கடைசியில விக்காட்டி கவுன்சிலுக்குத்தான் சொல்லவேணும், கன இடங்களில அதுக்குக் காசு. இங்கிலாந்தில பழைய செற்றியளைக் குப்பை மேட்டில புதைக்க விடாயினம், அதில இருக்கிற தீத்தடுப்பு இரசாயனங்களால எரிக்கத்தான் வேணும். அதையும் கணக்கில வைச்சு விலையில பிடிவாதம் பிடிக்காதேங்கோ.

பாலு, கிராய்டன்

என் வீட்டில் தோல் சோபா, மேலே தோல் உரிந்து செதில் செதிலாக வருகிறது. ‘தோல் சோபா’ என்று போட்டு 300க்கு விற்கலாமா?

சிவா, மில்டன் கீன்ஸ்

பாலு, அப்படி உரிவது பெரும்பாலும் முழுத் தோல் இல்லை. தோல் தூளைச் சேர்த்து ஒட்டிய துணியாகவோ செயற்கைத் தோலாகவோ இருக்கும். முழுத் தோல் வெடிக்கும், நிறம் மங்கும், இப்படிச் செதிலாக வராது. கடை ரசீதைப் பார்த்து அதில் இருப்பதையே எழுதுங்கள். உரிவதைக் கிட்டத்தில் படம் பிடித்துப் போடுங்கள். அந்த நிலையில் 300 கிடைக்காது, இலவசமாகக் கொடுத்தாலும் வந்து எடுத்துப் போனால் நல்லது.

நித்யா, விலைக்கு வருகிறேன். பாதி விலை என்ற கணக்கு, ஆறு மாதம் ஓடிய, கறையே இல்லாத சோபாவுக்கு ஒருவேளை சரி. உங்கள் ஊரிலிருந்து பத்து மைலுக்குள் இதே மாதிரி செட்டுகளைத் தேடுங்கள். அவர்கள் கேட்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வாரமாகத் தொங்கும் 400 பவுண்டு விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கு அடையாளம். ஈபேயில் தேடிய பிறகு Sold items என்று வடிகட்டினால் விற்றுப்போன விலைகள் தெரியும், அதுதான் உண்மையான சந்தை. மூன்று வருஷத் துணி செட், ஒரு மெத்தை தளர்ந்தது, ஒரு கறை என்றால் நான் 240 போட்டு 200 வரை இறங்குவேன்.

கார்த்திக், ஸ்லவ்

240 ரொம்பக் குறைவு. 300இல் ஆரம்பித்தால் பேரத்துக்கு இடம் இருக்கும்.

சிவா, மில்டன் கீன்ஸ்

நேரம் இருந்தால் 300இல் ஆரம்பிக்கலாம். மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டியவர் ஒரு வாரம் வீணாக்கக் கூடாது என்பது என் எண்ணம். இதை நித்யாதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்ப் படிவு கறுப்பாக இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாளிப்பு வாசனை துணியில் ஏறியிருந்தால் நமக்குத் தெரியாது, பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். தையல் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூட்டைப்பூச்சி என்றால் விற்கவே கூடாது.

நித்யா, ரெடிங்

பூச்சி இல்லை, எண்ணெய்ப் படிவும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா லேசாகச் சமையல் வாசனை வருகிறது என்றார். உறைகளைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். மஞ்சள் கறை கைப்பிடியில் இருப்பதால் கழற்ற முடியவில்லை. லேபிள் இருக்கிறது அக்கா, படம் எடுத்துவிட்டேன். 260 போடுகிறேன். இதை ஆங்கிலத்தில் எழுதப் போகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

> சாம்பல் நிறத் துணி சோபா செட், மூன்று பேருக்கும் இரண்டு பேருக்கும். 260 பவுண்டு.
> 3 வருஷம் முன் புதிதாக 899க்கு வாங்கியது. நாய், பூனை இல்லை, புகைப்பவர் இல்லை. தினமும் சமைக்கும் வீடு, உறைகள் துவைத்தவை.
> குறைகள்: பெரிய சோபாவின் இடது மெத்தையின் ஃபோம் தளர்ந்துள்ளது, ஸ்பிரிங் உறுதி. சின்ன சோபாவின் வலது கைப்பிடியில் இரண்டு பவுண்டு நாணய அளவு மஞ்சள் கறை, போகாது (படம் 4).
> பெரியது: அகலம் 208, ஆழம் 95, உயரம் 88 செ.மீ. சின்னது: அகலம் 152, மற்றவை அதே. மெத்தையும் காலும் கழற்றினால் சட்ட உயரம் 74, சாய்த்து நுழைக்க 72. உங்கள் வாசலை அளந்துவிட்டு வாருங்கள்.
> தீப் பாதுகாப்பு லேபிள் உள்ளது (படம் 6). தரைத்தளம். இரண்டு பேர் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். 28ஆம் தேதிக்குள்.

சாந்தி அக்கா, ஹரோ

நல்லா இருக்குது. கறைக்குப் பக்கத்தில நாணயத்தை வைச்சே படம் எடுங்கோ. ‘கூரியர் அனுப்புறன், இன்சூரன்சுக்குக் கொஞ்சக் காசு போடுங்கோ’ எண்டு ஆராவது சொன்னால் பதிலே போடாதேங்கோ, அது களவு. வங்கியால காசு அனுப்பினால் உங்கட ஆப்பில வந்து சேர்ந்ததைப் பாத்த பிறகு மட்டும் வேனில ஏத்த விடுங்கோ. அவை காட்டுற ஸ்கிரீன்ஷொட்டை நம்பக்கூடாது.

நித்யா, ரெடிங்

ஒருவர் சின்னதை மட்டும் 120க்குக் கேட்கிறார். பிரித்துக் கொடுக்கலாமா?

சிவா, மில்டன் கீன்ஸ்

பெரியது தனியாக நின்றால் விற்பது கஷ்டம், வாசல் அளவும் இடிக்கும். ஞாயிறு வரை செட்டாகவே இருக்கட்டும், அவரிடமும் அதையே சொல்லுங்கள்.

கார்த்திக், ஸ்லவ்

நானாக இருந்தால் கையில் வரும் 120ஐ விட மாட்டேன்.